"இதைக் கொஞ்சம் மாத்தி எழுதித் தர்றியா?"ன்னு யாராவது கேட்டா, உடனே கை வைக்காதீங்க!

ராத்திரி பத்தே முக்கால் மணி. வாட்ஸ்அப்ல சித்தி பொண்ணு. "அக்கா, இதைக் கொஞ்சம் மாத்தி எழுதித் தர்றியா? நாளைக்குக் காலேஜ்ல கொடுக்கணும்." கீழே ஒரு லெட்டர். அவ்வளவுதான். என்ன மாத்தணும், எதுவரைக்கும் மாத்தலாம், எதைத் தொடக் கூடாது... எதுவும் இல்லை.

இப்படி ஒரு மெசேஜ் உங்களுக்கும் வந்திருக்கும். நண்பரோட ரெஸ்யூம், ரூம்மேட்டோட லீவ் லெட்டர், தம்பியோட புராஜெக்ட் ரிப்போர்ட், மாமா பையனோட கல்யாணப் பத்திரிகை வாசகம்னு ஏதாவது ஒண்ணு. 'உனக்குத்தான் தமிழ் நல்லா வருமே'ன்னு ஒரு ஐஸ் வேற. நானும் அன்னைக்கு அந்த ஐஸ்ல உருகி, லேப்டாப்பைத் திறந்து முழு லெட்டரையும் புதுசா எழுதிக் கொடுத்தேன். மறுநாள் அது அவளைக் கொண்டுபோய் ஒரு சங்கடத்துல நிறுத்துச்சு. நடந்ததைச் சொல்றதுக்கு முன்னாடி, அவ அனுப்பினதை அப்படியே படிச்சுடுங்க. (அனுமதி வாங்கிட்டுத்தான் போடுறேன்.)

> மதிப்பிற்க்குரிய முதல்வர் அவர்களுக்கு, நான் இரண்டாம் ஆண்டு பி.காம் படிக்கிறேன். என் அப்பா விசைத்தறியில் வேலை செய்கிறார். போன தீபாவளிக்கு பிறகு அப்பாவிற்கு கையில் அடிபட்டது. அதனால் அவர் சரியாக வேலைக்கு போகவில்லை. அம்மா வீட்டில் தான் இருக்கிறார். தங்கை பத்தாம் வகுப்பு படிக்கிறாள். நான் இது வரை எல்லா கட்டணமும் சரியாக கட்டியுள்ளேன். இந்த முறை 18,000 ரூபாயை இரண்டு தவனையாக கட்ட அனுமதி தரும்படி கேட்டு கொள்கிறேன்.

இந்த லெட்டரை 'மாத்துறது'ன்னா என்ன? மூணு விதமா மாத்தலாம். மூணும் மூணு வேற வேலை. பத்திரிகை ஆபீஸ்லயும் பதிப்பகங்கள்லயும் இதுக்குத் தனித்தனிப் பேரே இருக்கு. ஆனா வீட்டுல, ஹாஸ்டல்ல எல்லாம் மூணுக்குமே 'மாத்தி எழுது'ங்கிற ஒரே வார்த்தைதான். பிரச்னை தொடங்குற இடம் அதுதான்.

முதல் வேலை: பிழை பார்க்கிறது

ஆங்கிலத்துல இதுதான் புரூஃப் ரீடிங். அச்சகத்துல எழுத்துக் கோத்து முடிச்சதும், அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தாள்ல மாதிரிப் பிரதி எடுப்பாங்க. அதுதான் புரூஃப். அந்த நிலைமையில ஒரு பாராவைத் தூக்கி இன்னொரு இடத்துல வெச்சா, கோத்த பக்கத்தையெல்லாம் கலைச்சுத் திரும்பக் கோக்கணும். அதனால புரூஃப் பார்க்கிறவர் எழுத்துப்பிழை, ஒற்று, விட்டுப்போன சொல், நிறுத்தக்குறி, இதுகளோட நிறுத்திக்குவார். 'கருத்தைத் தொடாதே'ங்கிற பழக்கம் அப்படி வந்ததுதான்.

சித்தி பொண்ணு லெட்டர்ல இந்த வேலையை மட்டும் செஞ்சா மொத்தம் 11 திருத்தம். 'மதிப்பிற்க்குரிய' தப்பு. ற் என்ற மெய்க்குப் பக்கத்துல இன்னொரு ஒற்று வராது, 'மதிப்பிற்குரிய'தான் சரி. 'தவனை' இல்லை, 'தவணை'. 'வீட்டில் தான்', 'இது வரை' ரெண்டும் சேர்ந்து வரணும்: வீட்டில்தான், இதுவரை. மிச்சமெல்லாம் ஒற்று. 'கு'ன்னு முடியற வேற்றுமைக்குப் பின்னாடி க, ச, த, ப வந்தா ஒற்று மிகும்கிறது ஸ்கூல்ல படிச்சதுதானே. அந்தக் கணக்குல தீபாவளிக்குப் பிறகு, அப்பாவிற்குக் கையில், வேலைக்குப் போகவில்லைன்னு மூணு. அப்புறம் எல்லாக் கட்டணமும், சரியாகக் கட்டி, தவணையாகக் கட்ட, கேட்டுக்கொள்கிறேன்.

அஞ்சு நிமிஷ வேலை. லெட்டர் அப்பவும் அவளோட லெட்டர்தான். ஒரு சொல்கூடப் புதுசா வரலை, ஒரு சொல்கூடக் காணாமப் போகலை.

ரெண்டாவது வேலை: வாக்கியத்தைச் சரி பண்றது

இங்க வரிசை மாறாது, விஷயம் மாறாது. ஆனா ஒவ்வொரு வாக்கியமும் சொல்ல வந்ததைத் தெளிவா சொல்லுதான்னு பார்ப்போம். 'எல்லாக் கட்டணமும் கட்டியுள்ளேன்' என்பது 'எல்லாக் கட்டணங்களையும் கட்டியுள்ளேன்' ஆகும். 'அடிபட்டது. அதனால் அவர்' என்பதை 'அடிபட்டதால்'னு ஒண்ணாக்கலாம்.

கேட்க சாதாரணமா இருக்கு இல்ல? ஆனா ஆபத்து மறைஞ்சிருக்கிறது இந்த வேலையிலதான். அந்த லெட்டர்ல 'சரியாக'ங்கிற சொல் ரெண்டு இடத்துல வருது, கவனிச்சீங்களா? 'கட்டணம் சரியாகக் கட்டியுள்ளேன்'னா என்ன அர்த்தம்? குறிச்ச தேதியில கட்டினாளா, இல்ல பாக்கி வைக்காம முழுசா கட்டினாளா? கொஞ்சம் லேட்டா, ஆனா முழுசா கட்டியிருக்கலாம். 'குறித்த நாளில் செலுத்தியுள்ளேன்'னு நான் அழகா மாத்தினா, அவ சொல்லாத ஒரு விஷயத்தை அவ பேர்ல நான் சொல்லிட்டேன்னு அர்த்தம். காலேஜ் ஆபீஸ்ல ரசீது நோட்டு இருக்கும். பார்த்தா தெரிஞ்சிடும்.

இன்னொண்ணு, 'அவர் சரியாக வேலைக்குப் போகவில்லை.' இதுக்கும் ரெண்டு அர்த்தம் வரும். வேலைக்கே போகலைன்னும் எடுத்துக்கலாம். ஒழுங்கா, தினமும் போகலைன்னும் எடுத்துக்கலாம். இந்த வாக்கியத்தை மனசுல வெச்சுக்கங்க, திரும்ப வருவோம்.

மங்கலான வாக்கியத்தைத் தெளிவாக்கணும்னா ரெண்டு அர்த்தத்துல ஒண்ணைத் தேர்ந்தெடுத்தே ஆகணும். அந்தத் தேர்வு எழுதினவரோட உரிமை. நாம வெளியில இருந்து ஊகிக்கிறோம், அவ்வளவுதான். அதனால எடிட்டிங் டெஸ்க்ல இந்த மாதிரி இடத்துல மாத்த மாட்டாங்க, பக்கத்துல ஒரு கேள்வி எழுதி வைப்பாங்க. 'சரியாக: தேதியிலா, தொகையிலா?' இவ்வளவு போதும்.

மூணாவது வேலை: பிரிச்சுக் கட்டுறது

இந்த லெட்டரோட பெரிய குறை ஒற்றே இல்லை. முதல்வர் கடைசி வரி வரைக்கும் வந்தாதான் அவ என்ன கேக்குறாள்னே தெரியுது. ஒரு நாளைக்கு இப்படி எத்தனை லெட்டர் அவர் மேஜைக்கு வரும்? பிரிச்சுக் கட்டினா, முதல் வரியே இப்படி இருக்கும்: 'இந்தப் பருவக் கட்டணம் 18,000 ரூபாயை இரண்டு தவணைகளில் செலுத்த அனுமதி வேண்டுகிறேன்.' அதுக்குக் கீழே காரணம். அம்மா, தங்கை பத்தின ரெண்டு வரியும் 'வீட்டில் அப்பாவின் வருமானம் மட்டுமே'ன்னு ஒரே வரியா சுருங்கும்.

இப்படிக் கட்டும்போதுதான் ஒரு ஓட்டையும் தெரியும். முதல் தவணை எவ்வளவு, எப்போ? ரெண்டாவது எப்போ? லெட்டர்ல இல்லவே இல்லை. அனுமதி கொடுக்கிறவருக்கு வேண்டியது அதுதானே! ஒற்று மட்டும் பார்க்கிறவர் கண்ணுக்கு இது படாது. ஆனா பிரிச்சுக் கட்டுறவர் இதை எழுதினவர்கிட்ட கேட்டே ஆகணும், தானா நிரப்ப முடியாது. அதாவது, மூணாவது வேலையை ஒருத்தர் தனியா, ராத்திரியில, கேக்காம செய்யவே முடியாது. செஞ்சா அது அரைகுறைதான்.

நான் என்ன செஞ்சேன்?

மூணாவதைத்தான் செஞ்சேன். தனியா, ராத்திரியில, கேக்காம.

முதல் வரியில கோரிக்கையை வெச்சேன். அம்மா, தங்கையைச் சுருக்கினேன். 'சரியாக வேலைக்குப் போகவில்லை'ங்கிறது கொஞ்சம் வீக்கா தெரிஞ்சுது. 'என் தந்தை வேலையிழந்துள்ள நிலையில்'னு போட்டேன். என்ன கம்பீரம்! அனுப்பிட்டு நிம்மதியா தூங்கியும் போனேன். அவ காலையில அதை அப்படியே பார்த்து எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோயிட்டா.

ஆபீஸ்ல கேட்ட முதல் கேள்வி: "அப்பாவுக்கு எப்பம்மா வேலை போச்சு? வேலை பார்த்த இடத்துல இருந்து ஏதாவது லெட்டர் இருக்கா?"

சித்தப்பாவுக்கு வேலை போகவே இல்லை. குமாரபாளையத்துல அதே தறிக்கூடத்துலதான் இருக்கார். கை முழுசா சரியாகாததால வாரத்துல மூணு, நாலு நாள்தான் தறி ஓட்ட முடியுது. கூலி பாதியாகிடுச்சு. அவ எழுதின 'சரியாக'வுக்கு அதுதான் அர்த்தம். அந்தச் சொல் வீக்கா இல்லை, உண்மையா இருந்திருக்கு. நான்தான் அதைப் பொய்யாக்கிட்டேன்.

அது மட்டும் இல்லை. அவளோட வகுப்பு மென்டர் அந்த லெட்டரை முந்தின நாளே படிச்சுப் பார்த்து, "சரியா இருக்கு, பிழை மட்டும் யார்கிட்டயாவது காட்டிட்டு வா"ன்னு சொல்லியிருக்காங்க. மறுநாள் வேற ஒரு லெட்டரைக் கொண்டுபோனதும் அவங்களுக்கே குழப்பம். "நான் பார்த்தது இது இல்லையே?"

அவளுக்கு வேண்டியிருந்தது அஞ்சு நிமிஷ வேலை. நான் செஞ்சது ரெண்டு மணி நேர வேலை. 'இவ்வளவு மெனக்கெட்டேனே'ன்னு எனக்கு முதல்ல கோபம்கூட வந்துச்சு, உண்மையைச் சொல்லணும்னா.

இதுக்கு நேர் எதிராவும் ஒரு தடவை மாட்டியிருக்கேன். வேலைக்குச் சேர்ந்த புதுசுல, ஒரு சீனியர் தன்னோட கட்டுரையைக் கொடுத்து, "கொஞ்சம் பார்த்து மாத்திடும்மா"ன்னார். பெரியவர் எழுதினதாச்சேன்னு பயந்து, ஒற்றும் கமாவும் மட்டும் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். "நாலாவது பாராவைத் தூக்கி மேல வைப்பேன்னு நினைச்சேனே, அதுக்குத்தானே உன்கிட்ட கொடுத்தேன்"னார். அதே சொல்தான், 'மாத்து'. அங்க அது மூணாவது வேலை, தங்கச்சிகிட்ட முதல் வேலை.

அப்போ எப்படிக் கண்டுபிடிக்கிறது?

'எதுவரைக்கும் மாத்தலாம்?'னு கேட்டா நிறைய பேருக்குப் பதில் சொல்லத் தெரியாது. "உனக்கு எப்படித் தோணுதோ அப்படிப் பண்ணு"ன்னுதான் வரும். அவங்க மேல தப்பில்லை. மூணு வேலை இருக்குன்னு தெரிஞ்சாதானே ஒண்ணைக் கேக்க முடியும்? அதனால நான் இப்போ வேற ரெண்டு கேள்வி கேக்குறேன்.

ஒண்ணு, "இதை இதுக்கு முன்னாடி வேற யாராவது பார்த்தாச்சா?" கைடு, மென்டர், மேனேஜர், வக்கீல்னு யாராவது பார்த்து ஓகே சொன்னதா இருந்தா, அது கிட்டத்தட்ட அச்சுக்குப் போற புரூஃப் மாதிரி. வரிசையைக் கலைக்கக் கூடாது. 'யாரும் பார்க்கலை, இதுதான் முதல் டிராஃப்ட்'னா கதை வேற.

ரெண்டு, "இதை யார் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கப் போறாங்க, அவங்ககிட்ட அதைப் பத்திக் கேள்வி கேப்பாங்களா?" கேள்வி வரும்னா, ஒவ்வொரு சொல்லும் அவங்களால விளக்கம் சொல்லக்கூடியதா இருக்கணும். ரெஸ்யூம், அனுமதிக் கடிதம், காலேஜ் அட்மிஷனுக்கு எழுதுற கட்டுரை எல்லாம் இந்த வகை. ஆய்வேட்டுல இது இன்னும் கறார். ஆஸ்திரேலியாவுல தொழில்முறை எடிட்டர்களோட அமைப்பு, மாணவர்களின் ஆய்வேட்டைத் திருத்த ஒரு வழிகாட்டியே வெச்சிருக்கு. வாக்கியத் திருத்தமும் பிழை பார்க்கிறதும் செய்யலாம், அதோட எல்லை முடிஞ்சுது. பிரிச்சுக் கட்டுறது ஆய்வாளரும் அவரோட கைடும் செய்ய வேண்டிய வேலை. ஏன்னா அங்க மதிப்பெண் போடுறதே அந்தக் கட்டமைப்புக்கும் சேர்த்துத்தான். உங்க ஃப்ரெண்டு பிஹெச்.டி சாப்டரை நீட்டினா, கைடுகிட்ட என்ன அனுமதின்னு கேட்டுட்டு வரச் சொல்லுங்க.

இந்த ரெண்டுக்கும் பதில் தெளிவா கிடைக்கலைன்னா, ஒரு சுலபமான வழி இருக்கு. முதல் மூணு வரியை மட்டும் எடுத்து ரெண்டு விதமா செஞ்சு அனுப்புங்க. ஒண்ணுல பிழை மட்டும். இன்னொண்ணுல பிரிச்சுக் கட்டினது. "இதுல எது மாதிரி வேணும்?" அவ்வளவுதான். வார்த்தையால விளக்க முடியாததை, கண்ணால பார்த்ததும் சட்டுனு சொல்லிடுவாங்க. பத்து நிமிஷம் ஆகும், ரெண்டு மணி நேரம் மிச்சம்.

கேக்கவே முடியலைன்னா?

போன் ஸ்விட்ச்டு ஆஃப், காலையில கொடுத்தாகணும். அப்போ முதல் வேலையை மட்டும் செய்யுங்க. மத்தபடி உங்களுக்குத் தோணுறதைத் தனியா எழுதி அனுப்புங்க, உள்ளே கலக்காதீங்க. பிழையை மட்டும் திருத்தின லெட்டரைப் பெரிசாக்கிக்க அவங்களுக்கு வழி இருக்கும். முழுசா மாத்தின லெட்டர்ல இருந்து பழசைத் தேடி எடுக்கிறதுதான் கஷ்டம்.

கூகுள் டாக்ஸ்ல வந்திருந்தா வேலை ரொம்பச் சுலபம். கம்ப்யூட்டர்ல மேலே வலது பக்கம் `Editing`னு இருக்கிறதை `Suggesting`னு மாத்திட்டு அடிங்க. போன் ஆப்ல மூணு புள்ளி மெனுவுல `Suggest changes` இருக்கும். நீங்க அடிக்கிறது எல்லாம் வேற நிறத்துல வரும், அவங்க ஒவ்வொண்ணா ஏத்துக்கலாம், தள்ளலாம். வேர்டு ஃபைலா இருந்தா `Review` பகுதியில `Track Changes`.

நம்ம ஊர்ல முக்கால்வாசி லெட்டர் வாட்ஸ்அப்ல மெசேஜாவே வருது, அங்க இந்த வசதியெல்லாம் இல்லையே? சின்ன ஐடியா இருக்கு. சொல்லுக்கு ரெண்டு பக்கமும் ~ போட்டா அடிச்ச எழுத்தாவும், * போட்டா தடிச்ச எழுத்தாவும் வரும். இப்படி:

```
~தவனையாக~ *தவணையாகக்* கட்ட
```

பழசு, புதுசு ரெண்டும் பக்கத்துல பக்கத்துல தெரியும். கீழே தனி மெசேஜ்ல கேள்விகள்: 'சரியாகன்னா தேதியிலா, தொகையிலா? அப்பா சுத்தமா போகலையா, சில நாள் போறாரா? ரெண்டு தவணையும் எந்தெந்தத் தேதி?' அன்னைக்கு ராத்திரி நான் இந்த மூணு கேள்வியை மட்டும் அனுப்பியிருந்தாலே போதும்.

நீங்க கேக்குற பக்கம் இருந்தா, ஒரு வரி கூடுதலா டைப் பண்ணுங்க. 'மாத்தி எழுதித் தா'ன்னு விடாம, 'ஒற்று, எழுத்துப்பிழை மட்டும் பாரு, வரிசை அப்படியே இருக்கட்டும்'னோ, 'முதல் டிராஃப்ட்தான், எப்படி வேணா கலைச்சுப் போடு, ஆனா தொகையும் தேதியும் அப்படியே இருக்கணும்'னோ சொல்லிடுங்க. யார் பார்த்தாச்சு, எப்போ கொடுக்கணும்கிறதையும் சேர்த்துக்கிட்டா இன்னும் நல்லது.

சித்தி பொண்ணு விஷயத்துக்கு வருவோம். அன்னைக்குச் சாயங்காலம் போன்ல உக்காந்து ரெண்டு பேரும் சேர்ந்து மறுபடி எழுதினோம். 'கையில் அடிபட்டதால் அப்பா வாரத்தில் மூன்று, நான்கு நாள்கள் மட்டுமே வேலைக்குச் செல்கிறார்'னு அவளே சொன்னா, நான் ஒற்று மட்டும் பார்த்தேன். கோரிக்கையை மேலே கொண்டுவரலாமான்னு கேட்டேன், மென்டர்கிட்ட கேட்டுட்டு சரின்னா. தேதி ரெண்டும் சித்தப்பாகிட்ட கேட்டு நிரப்பினோம். அனுமதி கிடைச்சிருச்சு.

போன வாரம் திரும்பவும் ஒரு மெசேஜ். இன்டர்ன்ஷிப்புக்கு ஏதோ எழுதியிருக்கா. "அக்கா, யாரும் பார்க்கலை. முதல் பாராவை நீ என்ன வேணா பண்ணிக்கோ. ரெண்டாவது பாராவுல ஒற்று மட்டும். அதுல 'சரியாக'ன்னு ஒரு இடத்துல வரும், அதைத் தொடாதே."